தீபாவளியும் நோன்புப் பெருநாளும்: நகரும் நாள்களின் பின்னணியில் உள்ள காலக்கணக்கு

2004, 2005, 2006 ஆகிய மூன்று ஆண்டுகளில் மலேசிய, சிங்கப்பூர் மக்கள் தீபாவளியையும் நோன்புப் பெருநாளையும் ஏறத்தாழ ஒரே வாரத்தில் கொண்டாடினர். 2004இல் தீபாவளி நவம்பர் 11, பெருநாள் நவம்பர் 14. 2005இல் தீபாவளி நவம்பர் 1, பெருநாள் நவம்பர் 3. 2006இல் தீபாவளி அக்டோபர் 21, பெருநாள் அக்டோபர் 24. கடைத்தெருக்களில் இரு பண்டிகைகளுக்கும் சேர்த்தே விளக்குகள் கட்டப்பட்டன. 'தீபாராயா' என்னும் புதிய கூட்டுச்சொல்லும் மக்கள் நாவில் புழங்கியது. ஆனால் 2007இல் இவ்விணை பிரிந்துவிட்டது. பெருநாள் அக்டோபர் 13இல் வந்து சென்றது. தீபாவளியோ நவம்பர் 8 வரை காத்திருந்தது. மூன்றாண்டுகள் ஒன்றாக நடந்த இரு பண்டிகைகள் நான்காம் ஆண்டில் ஏன் பிரிந்தன என்னும் வினாவை முன்வைத்து, சந்திரனை அடியொற்றிய பண்டிகை நாள்கள் ஆங்கில நாட்காட்டியில் இடம்பெயர்வதன் காரணத்தை இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகிறோம்.

பண்டிகை நாள் மாறுவதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விடை, 'நம் நாட்காட்டி சந்திர நாட்காட்டி' என்பதாகும். இவ்விடை பாதி உண்மையே. இசுலாமிய நாட்காட்டி முற்றிலும் சந்திரனைச் சார்ந்தது. தமிழர் நாட்காட்டியோ மாதங்களைச் சூரியனைக் கொண்டே வகுக்கிறது. சித்திரை முதல் பங்குனி வரையிலான பன்னிரு மாதங்களும் சூரியன் மேடம் முதலான பன்னிரு இராசிகளில் நிற்கும் காலங்களே. ஆகவேதான் பொங்கல் ஆண்டுதோறும் சனவரி 14 அல்லது 15ஐ விட்டு அகல்வதில்லை. தீபாவளி நகர்வதற்குக் காரணம், அது சூரிய மாதம் ஒன்றையும் சந்திரனின் திதி ஒன்றையும் ஒருசேரச் சார்ந்து நிற்பதாகும். ஐப்பசி மாதத்தில், தேய்பிறைச் சதுர்த்தசி நிற்கும் விடியற்காலையில் எண்ணெய் முழுக்கு என்பதே தென்னாட்டு வழக்கு. ஐப்பசி என்பது சூரியன் இடும் வேலி. சதுர்த்தசி என்பது சந்திரன் சுட்டும் நாள். இவ்விரண்டுக்கும் உள்ள உறவை விளங்கிக்கொண்டால் ஏனையவை எளிதில் விளங்கும்.

பதினொரு நாள் பற்றாக்குறை

ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரையிலான காலம் சராசரியாக 29.53 நாள். இத்தகைய பன்னிரு மாதங்களைக் கூட்டினால் 354.37 நாள் வரும். பருவங்கள் ஒரு சுற்றுச் சுற்றி மீள்வதற்கு 365.24 நாள் தேவை. எனவே பன்னிரு சந்திர மாதங்கள் நிறைவுற்றபோதும் சூரிய ஆண்டு நிறைவுற இன்னும் ஏறத்தாழ 11 நாள் எஞ்சியிருக்கும். இப்பற்றாக்குறையை என்செய்வது என்பதே உலகின் எல்லா நாட்காட்டிகளும் எதிர்கொண்ட வினா. பன்னிரண்டைக் கொண்டு அதனைத் தீர்க்க இயலாது. பதின்மூன்றைக் கொண்டும் தீர்க்க இயலாது. இயற்கை இவ்விரு சுழற்சிகளையும் ஒன்றுக்கொன்று முழுமையாக வகுபடும் வகையில் அமைக்கவில்லை.

மேற்கண்ட ஆண்டுகளிலேயே இதனைச் சரிபார்க்கலாம். 2004 நவம்பர் 11இலிருந்து 2005 நவம்பர் 1 வரை 355 நாள். அங்கிருந்து 2006 அக்டோபர் 21 வரை 354 நாள். பெருநாளைப் பார்த்தால், 2004 நவம்பர் 14இலிருந்து 2005 நவம்பர் 3 வரை 354 நாள். அங்கிருந்து 2006 அக்டோபர் 24 வரை 355 நாள். இரு பண்டிகைகளும் பன்னிரு சந்திர மாத அளவில் சம அடி வைத்துப் பின்னோக்கி நடந்தன என்பது தெளிவு. 2006 பெருநாளிலிருந்து 2007 பெருநாள் வரை மீண்டும் 354 நாள். ஆனால் 2006 தீபாவளியிலிருந்து 2007 தீபாவளி வரை 383 நாள். பெருநாள் பன்னிரண்டு மாத அடி வைத்த அவ்வாண்டில் தீபாவளி பதின்மூன்று மாத அடி வைத்துள்ளது. பிரிவுக்கான காரணம் இப்பதின்மூன்றாம் மாதமே.

ஒரே அமாவாசையின் இரு பக்கங்கள்

தீபாவளி ஏன் எப்போதும் பெருநாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகவே வந்தது என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. இரு பண்டிகைகளும் ஒரே அமாவாசையைத் தழுவி நிற்பவை. தீபாவளி அமாவாசைக்கு முந்திய சதுர்த்தசியில் அமைவது. பெருநாள் அமாவாசைக்குப் பிந்திய முதற்பிறையில் தொடங்குவது. ஒன்று தேயும் நிலவின் கடைசிக் கீற்றையும் மற்றொன்று வளரும் நிலவின் முதற்கீற்றையும் எல்லையாகக் கொண்டவை எனலாம்.

இவற்றின் இடைவெளி 2005இல் இரண்டு நாளாகவும் 2006இல் மூன்று நாளாகவும் இருந்தமைக்குக் காரணம் அமாவாசை நிகழ்ந்த நேரமாகும். 2005இல் சூரியனும் சந்திரனும் ஒன்றுகூடியது நவம்பர் 2ஆம் நாள் காலை 9.25க்கு, மலேசிய நேரப்படி. அன்று மாலை ஏழு மணியளவில் சூரியன் மறையும்போது பிறையின் வயது ஒன்பதரை மணி நேரத்தைக் கடந்திருந்தது. புருணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளின் சமய அமைச்சர்கள் ஒப்பிய அக்கால வரையறையின்படி, சூரியன் மறையும் வேளையில் பிறை தொடுவானத்திற்கு மேல் 2 பாகையும் சூரியனிலிருந்து 3 பாகையும் விலகியிருக்க வேண்டும். அல்லது பிறை மறையும்போது அதன் வயது 8 மணி நேரத்திற்குக் குறையாமல் இருக்க வேண்டும். 2005இல் வயது போதியதாயிருந்தமையால் மறுநாளே பெருநாள். 2006இல் அமாவாசை அக்டோபர் 22 பிற்பகல் 1.14க்கு நிகழ்ந்தது. அன்று மாலை பிறையின் வயது ஆறு மணி நேரத்தைக்கூட எட்டவில்லை. எனவே நோன்பு முப்பது நாளாக நிறைவு செய்யப்பட்டு, பெருநாள் 24ஆம் நாள் கொண்டாடப்பட்டது. காலையில் நிகழும் கூட்டமும் பிற்பகலில் நிகழும் கூட்டமும் ஒரு நாள் வேறுபாட்டை விளைவிக்கும் என்பதற்கு இவ்விரு ஆண்டுகளும் நல்ல சான்று. மேற்கூறிய வரையறை பின்னர்த் திருத்தப்பட்டு, 2022ஆம் ஆண்டு நோன்புக் காலத்திற்குள் 3 பாகை உயரம், 6.4 பாகை விலகல் என்னும் கடுமையான அளவுகளுக்கு மாறியது.

2007இல் நிகழ்ந்தது

இனி 2007ஐ நோக்குவோம். அவ்வாண்டு அக்டோபர் 11ஆம் நாள் அமாவாசை. அதனையடுத்த பிறையைக் கொண்டு அக்டோபர் 13இல் பெருநாள் வந்தது. தீபாவளியும் பழையபடியே பன்னிரு மாத அடி வைத்திருந்தால் அக்டோபர் 10ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். ஆனால் அப்போது சூரியன் கன்னி இராசியில் இருந்தது. அது புரட்டாசி மாதம். சூரியன் துலா இராசியுள் புகுந்து ஐப்பசி பிறப்பது அக்டோபர் 17, 18ஐ ஒட்டியே. முந்திய ஆண்டு அக்டோபர் 21இல் வந்த தீபாவளி, ஐப்பசி பிறந்து நான்கைந்து நாளே ஆன நிலையில் வேலியின் ஓரத்தை உரசிக்கொண்டு நின்றது. இன்னும் பதினொரு நாள் பின்வாங்கினால் அது வேலிக்கு வெளியே விழும். ஆகவே புரட்டாசிச் சதுர்த்தசி தீபாவளியாகாமல் கழிந்து, அடுத்த சதுர்த்தசியான நவம்பர் 8 தீபாவளியாயிற்று.

தெலுங்கர், கன்னடர் முதலானோர் பின்பற்றும் சந்திர மாதக் கணக்கில் இதே நிகழ்ச்சி வேறு வகையில் பதிவாகிறது. சூரியன் ஒரு முறையேனும் இராசி மாறாத சந்திர மாதம் அதிக மாதம் எனப்படும். 2007இல் மே 17 அதிகாலை 12.57க்கும் சூன் 15 காலை 8.43க்கும், இந்திய நேரப்படி, இரு அமாவாசைகள் நிகழ்ந்தன. சூரியன் மே 15இலேயே இடபத்துள் புகுந்துவிட்டது; மிதுனத்துள் புகுந்தது சூன் 15 பிற்பகலில். இரண்டாம் அமாவாசைக்கும் இராசி மாற்றத்திற்கும் ஏறத்தாழ ஏழு மணி நேரமே இடைவெளி. அந்த ஏழு மணி நேரத்தால் அச்சந்திர மாதம் சங்கராந்தி இல்லாத மாதமாகி, 'அதிக சேட்டம்' என்னும் பெயர் பெற்றது. அம்மாதம் கணக்கில் சேர்ந்ததால் அதன் பின்வந்த சந்திர மாதங்கள் அனைத்தும் ஒரு மாதம் தள்ளிச் சென்றன.

தமிழ்ப் பஞ்சாங்கத்திற்கோ புதிய மாதம் ஒன்றைச் சேர்க்க வேண்டிய தேவையே எழவில்லை. வைகாசியில் இரண்டு அமாவாசை என்று குறித்து, அதனை மலமாதம் என்று சுட்டுவதோடு அமைந்தது. சூரிய மாதம் என்னும் சட்டகம் நிலையாக இருப்பதால், திதிகள் அதனுள் வழுக்கிச் செல்கின்றன. எல்லை கடந்தவுடன் அடுத்த திதி அவ்விடத்தை நிரப்புகிறது. மாதத்தைக் கூட்டும் முறையும் கூட்டாத முறையும் தீபாவளியைப் பொறுத்தவரை பெரும்பாலும் ஒரே காலத்தையே சுட்டுவது இக்காரணம் பற்றியே.

பெரும்பாலும் என்று நாம் கூறுவதற்குக் காரணம் உண்டு. 2009ஆம் ஆண்டில் தமிழகத்திலும் மலேசியாவிலும் தீபாவளி அக்டோபர் 17இல் கொண்டாடப்பட்டது. அன்று விடியலில் சதுர்த்தசி நின்றது உண்மையே. ஆனால் திருக்கணிதப்படி சூரியன் துலாத்துள் புகுந்தது அன்று முற்பகலில்தான். எண்ணெய் முழுக்கு நிகழ்ந்த வேளையில் அது கன்னியின் கடைசி விளிம்பில் இருந்தது. மறுபுறம், நவம்பர் நடுவில் வந்த அடுத்த சதுர்த்தசி ஐயமின்றி ஐப்பசிக்குள் அடங்கியது. சதுர்த்தசி நிற்கும் மாதத்தை மட்டும் பார்த்தால் நவம்பருக்கே வாய்ப்பு மிகுதி. ஆனால் அதனையொட்டிய அமாவாசையைப் பார்த்தால், அக்டோபர் 18 அமாவாசை ஐப்பசியிலும், நவம்பர் அமாவாசை சூரியன் விருச்சிகத்துள் புகுந்த பின்னர்க் கார்த்திகையிலும் அமைந்தன. ஐப்பசி அமாவாசையைச் சார்ந்த சதுர்த்தசியே தீபாவளி என்று கொள்வோருக்கு அக்டோபர் 17 சரியான நாள். விதியின் சொற்கள் ஒன்றாயினும், எதனை முதன்மையாகக் கொள்வது என்பதில் முடிவு தங்கியிருப்பதை இவ்வெல்லைநிலை காட்டுகிறது. இத்தகைய ஆண்டுகளில் எழும் நாள் குழப்பத்தைப் பஞ்சாங்கப் பிழை என்று ஒதுக்கிவிடுவது பொருந்தாது.

கூட்டும் மாதத்தின் வரலாறு

பதின்மூன்றாம் மாதத்தை எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை சேர்ப்பது என்னும் கணக்கு ஒரே நாளில் உருவானதன்று. வேதாங்க சோதிடம் என்னும் பழைய நூல் ஐந்து ஆண்டுகளை ஒரு யுகமாகக் கொண்டு, அதில் 60 சூரிய மாதங்களுக்கு 62 சந்திர மாதங்களை வகுக்கிறது. அதாவது முப்பது மாதத்திற்கு ஒரு முறை அதிக மாதம். அந்த யுகத்திற்கு அது தரும் 1830 நாள் 62 சந்திர மாதங்களுக்கு ஏறத்தாழப் பொருந்துகிறது. ஆனால் உண்மையான ஐந்து ஆண்டுகளுக்கு 1826 நாளே போதும். எனவே ஒவ்வொரு யுகத்திலும் பருவத்திற்கும் கணக்கிற்கும் நான்கு நாள் வேறுபாடு சேரும். இக்கணக்கை நெடுங்காலம் திருத்தமின்றிப் பின்பற்றியிருக்க முடியாது என்பது வெளிப்படை.

பின்வந்த சித்தாந்த நூல்கள் இதனைச் செப்பம் செய்தன. சூரிய சித்தாந்தம் 43,20,000 ஆண்டுகள் கொண்ட மகாயுகத்தில் 15,93,336 அதிக மாதங்கள் உண்டென்று கூறுகிறது. இவ்வளவு பெரிய எண்களைக் கண்டு இக்காலத்து வாசகர் புராணக் கற்பனை என்று எண்ணக்கூடும். பின்னத்தை முழு எண்ணால் எழுதும் வழியே இது என்பது நம் கருத்து. மகாயுகத்தின் 5,18,40,000 சூரிய மாதங்களை அதிக மாதங்களின் எண்ணால் வகுத்தால் 32.5 மாதங்களுக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு விடை கிடைக்கும். இன்றைய வானியல் அளவுகளைக் கொண்டு கணக்கிட்டாலும் ஏறத்தாழ அதே விடைதான். முப்பதிலிருந்து முப்பத்திரண்டரைக்கு நகர்ந்தது சிறு மாற்றம் போலத் தோன்றினும், பண்டிகைகளைப் பருவத்தோடு கட்டிவைத்தது இம்மாற்றமே.

இதே உறவைப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு ஏழு கூடுதல் மாதம் என்றும் சொல்லலாம். கிரேக்கத்தில் கி.மு. 432இல் மெற்றோன் என்பார் பெயரால் இது அறியப்பட்டது. 19 சூரிய ஆண்டுகளும் 235 சந்திர மாதங்களும் ஏறத்தாழ இரண்டு மணி நேர வேறுபாட்டில் ஒன்றுபடுகின்றன. இதனை வாசகர் தம் வீட்டுப் பழைய நாட்காட்டிகளைக் கொண்டே சோதிக்கலாம். 2004இல் நவம்பர் 11இல் வந்த தீபாவளி 2023இல் நவம்பர் 12இல் வந்தது; 2005இன் நவம்பர் 1, 2024இல் அக்டோபர் 31 ஆயிற்று; 2006இன் அக்டோபர் 21, 2025இல் அக்டோபர் 20 ஆயிற்று. ஆனால் 2023இல் பெருநாள் தீபாவளியின் அருகில் இல்லை. அது ஏப்ரல் 22இல் வந்துவிட்டது. பத்தொன்பது ஆண்டுகளில் தீபாவளி தன் பழைய இடத்திற்குத் திரும்ப, பெருநாளோ ஏழு மாத அளவு விலகிச் சென்றுவிட்டது. தீபாவளி ஊசலாடுவது, பெருநாள் உலாவருவது.

இசுலாமிய நாட்காட்டி கூடுதல் மாதத்தை ஏற்காமை தற்செயலானதன்று. மாதங்களைத் தள்ளிவைக்கும் 'நசீ' என்னும் பழைய அரபு வழக்கம் திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயத்தில் கண்டிக்கப்பட்டு, மாதங்களின் எண்ணிக்கை பன்னிரண்டு என வரையறுக்கப்பட்டது. கலீபா உமர் காலத்தில், ஏழாம் நூற்றாண்டின் முற்பாதியில், இடப்பெயர்வை முதலாகக் கொண்ட ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கு நிறுவப்பட்டது. ஆகவே ஆண்டுக்குப் பதினொரு நாள் என்னும் நகர்வு தடையின்றித் தொடர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் பெருநாள் எல்லாப் பருவங்களையும் ஒருமுறை சுற்றி வருகிறது. 2004இல் தொடங்கிய இணைவு மறுபடியும் 2037, 2038 ஆண்டுகளில் நிகழும் என இதனைக் கொண்டு முன்கூட்டியே சொல்லலாம்.

சீனர் புத்தாண்டும் தீபாவளியைப் போன்றே வேலிக்குள் ஊசலாடுவது. அவர்தம் கூடுதல் மாத விதியும் நம்முடையதன் உடன்பிறப்பைப் போன்றது. 1996 முதல் 1998 வரை சீனப் புத்தாண்டும் நோன்புப் பெருநாளும் அடுத்தடுத்து வந்து 'கோங்சி ராயா' என்று கொண்டாடப்பட்டதை நம்மில் பலர் அறிவோம். அங்கும் மூன்றாண்டுகள் கழிந்ததும் கூடுதல் மாதம் குறுக்கிட்டு இணையைப் பிரித்தது.

புதுச்சேரிச் சோழிகள்

இக்கணக்குகளைத் தமிழ்நாட்டில் எவ்வாறு செய்தனர் என்பதற்கு அரிய சான்று ஒன்று உள்ளது. ஜான் வாரன் என்னும் அறிஞர் 1825இல் சென்னையில் வெளியிட்ட 'கால சங்கலிதம்' என்னும் ஆங்கில நூலில், புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டிய முறையைப் பதிவு செய்துள்ளார். அக்கணிதர் எழுதுகோலையோ அச்சிட்ட அட்டவணையையோ பயன்படுத்தவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, அவற்றைக் கூட்டியும் குறைத்தும் வைத்தார். அட்டவணைகள் அனைத்தும் அவர் நினைவில் வாக்கியங்களாக இருந்தன. எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டாதலால், ஒரு வாக்கியத்தைச் சொல்வதே ஓர் எண்ணைச் சொல்வதாகும். சந்திரனுக்குரிய வாக்கியங்கள் 248. சந்திரன் பூமியை நெருங்கியும் விலகியும் செல்லும் சுற்று ஒன்பது முறை நிறைவுற 248 நாள் ஆவதால், நாளுக்கு ஒன்றாக அவ்வெண்ணிக்கை அமைந்தது.

வானியல் வரலாற்றறிஞர் ஓட்டோ நாய்கெபாவர் 1952இல் இப்பதிவை ஆராய்ந்து, கணிதரின் விடையைப் புதிய கணக்கோடு ஒப்பிட்டார். 1825 மே இறுதியில் நிகழ்ந்த அக்கிரகணத்தின் தொடக்கத்தில் பிழை நான்கு நிமிடமே. முடிவில் அது ஐம்பது நிமிட அளவிற்குச் சென்றது. நூற்றாண்டுகளுக்கு முன் வகுத்த எண்களை மனப்பாடமாகக் காத்து வந்த ஒருவர் இவ்வளவு நெருங்கியது வியப்புக்குரியது. எனினும், வேறுபாடு இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இன்றும் வாக்கியப் பஞ்சாங்கத்திற்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்திற்கும் திதி தொடங்கும் நேரத்தில் சில நாழிகை வேறுபாடு காணப்படுவது இம்மரபின் தொடர்ச்சியே. அச்சில நாழிகைகள் விடியலை ஒட்டி அமைந்துவிட்டால் பண்டிகை ஒரு நாள் மாறும்.

இங்கு வாழும் நமக்கு வேறொரு காரணமும் உண்டு. திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே 12 பாகை விலகல் சேரும் காலம். அது தொடங்குவதும் முடிவதும் உலகெங்கும் ஒரே கணத்தில் நிகழ்வன. விடியலோ ஊருக்கு ஊர் வேறுபடும். நவம்பர் தொடக்கத்தில் கோலாலம்பூரில் சூரியன் உதித்து ஒன்றரை மணி நேரத்திற்கும் மேலாகிய பின்னரே சென்னையில் உதிக்கிறது. சதுர்த்தசி இவ்விரு உதயங்களுக்கும் இடைப்பட்ட நேரத்தில் தொடங்குமாயின், சென்னைக்கு அன்றே சதுர்த்தசி, கோலாலம்பூருக்கு மறுநாளே. தமிழகத்துப் பஞ்சாங்கத்தில் மணி நேரத்தை மட்டும் இரண்டரை கூட்டி எழுதிக்கொண்டு, நாளை அப்படியே ஏற்பவர்கள் இவ்வேறுபாட்டைத் தவறவிடுவர். 2004இல் வட இந்தியர் பலர் நவம்பர் 12இல் தீபாவளி கொண்டாடியமைக்குக் காரணம் இதுவன்று. அவர்கள் விடியற்காலைச் சதுர்த்தசியை விடுத்து அமாவாசை மாலையில் இலக்குமி வழிபாட்டை முதன்மையாகக் கொள்பவர்கள்.

பூசமும் பொங்கலும்

திதிக்கு மாற்றாக நட்சத்திரத்தைக் கொண்ட பண்டிகைகளும் உண்டு. ஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைப் பதிகத்தில் ஐப்பசி ஓணம், தைப்பூசம், பங்குனி உத்திரம் என மாதமும் விண்மீனுமாக விழாக்கள் சுட்டப்படுவதால், இம்முறை ஏழாம் நூற்றாண்டிலேயே தமிழகத்தில் வேரூன்றியிருந்தது என அறிகிறோம். சந்திரன் ஒரு நட்சத்திரத்திற்குத் திரும்ப 27.3 நாளே ஆகும். ஆகவே தை மாதத்தின் தொடக்கத்தில் பூசம் வந்தால் அதன் இறுதியிலும் மற்றொன்று வரலாம். மலேசியாவில் தைப்பூசம் 2005இல் சனவரி 25, 2006இல் பிப்ரவரி 11, 2007இல் பிப்ரவரி 1, 2008இல் சனவரி 23 என அமைந்தது. 2006இல் பொங்கலை ஒட்டியே ஒரு பூசம் வந்து சென்றது. எனினும், தையின் இறுதியில் வந்த பூசமே விழாநாளாகக் கொள்ளப்பட்டது. தீபாவளி முன்னோக்கித் தாவியது 2007இல். தைப்பூசம் தாவியது அதற்கு முந்திய ஆண்டில். இரண்டும் வெவ்வேறு வேலிகளுக்குள் இருப்பதால் அவை எல்லையை முட்டும் ஆண்டும் வேறாகிறது.

நகராதது என்று நாம் கருதும் பொங்கலும் உண்மையில் நகர்கிறது. தமிழ் ஆண்டு சூரியன் விண்மீன்களுக்கு இடையே ஒரு சுற்று முடிப்பதைக் கணக்கிடுவது. 1582இல் திருத்தப்பட்டு, ஆங்கிலேயரால் 1752இல் ஏற்கப்பட்ட கிரகோரியன் ஆண்டோ பருவங்களைக் கணக்கிடுவது. சூரிய சித்தாந்தத்தின்படி ஆண்டு 365 நாள் 6 மணி 12 நிமிடத்திற்குச் சற்று அதிகம். கிரகோரியன் ஆண்டு 365 நாள் 5 மணி 49 நிமிடம். ஆண்டுக்கு இருபத்து மூன்று நிமிடம் சேர்ந்து, ஏறத்தாழ அறுபது ஆண்டுகளில் ஒரு நாள் ஆகிறது. வாரன் தம் நூலை எழுதிய காலத்தில் பொங்கலும் சித்திரைப் பிறப்பும் இன்றைக்கு ஏறத்தாழ மூன்று நாள் முன்னதாக வந்தன. மேகநாத் சாகா தலைமையில் 1952இல் அமைக்கப்பட்ட இந்திய நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு இதனைச் சுட்டிக்காட்டிப் பருவத்தோடு ஒத்துச்செல்லும் தேசிய நாட்காட்டி ஒன்றைப் பரிந்துரைத்தது. அது 1957 மார்ச்சு 22இல் நடைமுறைக்கு வந்தது. அரசிதழிலும் வானொலி அறிவிப்பிலும் அது இடம்பெற்றது. கோயில்களோ பழைய பஞ்சாங்கத்தையே கைக்கொண்டன. ஐப்பசியின் வேலியும் அவ்வாறே மெல்ல நகர்ந்துகொண்டிருப்பதால், இன்று அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை ஊசலாடும் தீபாவளி, வரும் நூற்றாண்டுகளில் நவம்பர் இறுதியையும் எட்டும்.